மூலங்கள் எவ்வளவு தூரம் போகலாம்?

(பெங்களூருவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மிகச் சிறிய ஒரு கணிதக் கூற்றைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஒரு பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டைத் தீர்க்காமலே, அதன் கெழுக்களை மட்டும் பார்த்து, "இதன் எந்த மூலமும் இந்த எண்ணைத் தாண்டாது" என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அதற்கு வேண்டியது ஒரு வகுத்தலும் ஒரு கூட்டலும்தான். பிரான்ஸைச் சேர்ந்த கோஷி இதை 1829இல் வெளியிட்டார். உயர்படிக் கெழு 1 ஆக இருக்கும்படி முதலில் எல்லாவற்றையும் வகுத்துக்கொள்ளுங்கள்:

xⁿ + c₁xⁿ⁻¹ + c₂xⁿ⁻² + … + cₙ = 0

c₁ முதல் cₙ வரை உள்ளவற்றில், குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் மிகப் பெரியது M என்று வைத்துக்கொள்வோம். மெய்யெண் மூலமானாலும் கலப்பெண் மூலமானாலும் அதன் மட்டு மதிப்பு 1 + M ஐத் தாண்டாது. கோஷி சொன்னது இவ்வளவுதான்.

இதைப் பெங்களூருவில் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அப்போது அந்த இதழின் ஆசிரியராக இருந்தவர் எம். டி. நாராணையங்கார். இந்த ஊர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். ராமானுஜன் எழுதியது புதுமையாகவும் சுருக்கமாகவும் இருந்தது; படிப்பவருக்குப் புரியும்படி விளக்கம் இல்லை. அதனால் அந்தக் கட்டுரை ஆசிரியருக்கும் ராமானுஜனுக்கும் இடையே திருத்தத்துக்காகப் போய்வந்தது. ராமானுஜனைக் கண்டெடுத்தவர்கள் என்று நாம் சொல்லும் பட்டியலில் ஹார்டிக்கு முன்னால் இந்தப் பெயர் வர வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மேதையிடம் "இந்த வரி எப்படி வந்தது, எப்போது செல்லும்?" என்று பொறுமையாகக் கேட்டவர் அவர்.

ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களில் ஒரு பக்கத்துக்கு அந்தக் கேள்வியை இன்று நாம் கேட்கப் போகிறோம். ஒரு சமன்பாட்டின் மிகச் சிறிய மூலத்தைக் கண்டுபிடிக்க அவர் அங்கே ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார். பொறியியல் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்காது, எஸ். எஸ். சாஸ்திரியின் எண்ணியல் பகுப்பாய்வுப் பாடநூலில் ராமானுஜன் முறை என்ற பெயரிலேயே இருக்கிறது. ஒத்த கருத்து டேனியல் பெர்னூலியிடமும் உண்டு. கோஷியின் வரம்பும் ராமானுஜனின் முறையும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. அந்த உறவைப் பார்த்துவிட்டால் வரம்புக்குத் தனியாக ஒரு நிரூபணம் தேவைப்படாது.

ராமானுஜன் சமன்பாட்டை இந்த வடிவில் எழுதிக்கொள்கிறார்:

1 − (a₁t + a₂t² + … + aₙtⁿ) = 0

இடப்பக்கத்தின் தலைகீழை ஒரு முடிவிலித் தொடராக விரிக்கிறார்: b₁ + b₂t + b₃t² + … இந்தத் தொடரை மூலக் கோவையால் பெருக்கினால் 1 கிடைக்க வேண்டும். அதிலிருந்து b எண்கள் ஒவ்வொன்றாக வந்துவிடும். b₁ = 1, b₂ = a₁b₁, b₃ = a₁b₂ + a₂b₁, b₄ = a₁b₃ + a₂b₂ + a₃b₁. புதிய b ஒவ்வொன்றும் முந்தைய b எண்களை a கெழுக்களால் பெருக்கிக் கூட்டியதுதான். b₁/b₂, b₂/b₃, b₃/b₄ என்று விகிதங்களை எடுத்துக்கொண்டே போனால், அவை மிகச் சிறிய மூலத்தை நெருங்கும். முறை இதோடு முடிகிறது.

இனி என் கேள்வி. a கெழுக்கள் எதுவும் M ஐத் தாண்டவில்லை என்றால், b எண்கள் எவ்வளவு வேகமாகத்தான் வளர முடியும்? ஒவ்வொரு புதிய b யும், அதுவரை வந்த b எண்களின் அளவுகளைக் கூட்டி M ஆல் பெருக்கியதற்கு மேல் போகாது. ஆகவே அதுவரை இருந்த கூட்டுத்தொகை S என்றால், அடுத்த படியில் கூட்டுத்தொகை S + MS, அதாவது (1 + M)S ஐத் தாண்டாது. ஒவ்வொரு படியிலும் பெருக்கம் அதிகபட்சம் 1 + M மடங்கு. கோஷியின் எண் இங்கே தானாக வந்து நிற்கிறது. அந்த 1 ஏற்கெனவே சேர்ந்திருந்த தொகை. M அதன்மேல் புதிதாகச் சேர்வது.

b எண்கள் 1 + M மடங்குக்கு மேல் வளராது என்றால், t இன் அளவு 1/(1 + M) ஐவிடக் குறைவாக இருக்கும்போதெல்லாம் அந்தத் தொடர் கட்டாயம் ஒருங்கும். தொடர் ஒருங்குகிற இடத்தில், கோவையையும் தொடரையும் பெருக்கினால் 1. பெருக்கற்பலன் 1 ஆக இருக்கும்போது கோவை பூஜ்யமாக முடியாது. எனவே அந்த வட்டத்துக்குள் மூலமே இல்லை. இது மிகச் சிறிய மூலத்துக்கான கீழ்வரம்பு. மேல்வரம்பு வேண்டுமானால் x = 1/t என்று மாற்றிக்கொள்ளுங்கள். கெழுக்களின் வரிசை தலைகீழாகும், சிறிய t பெரிய x ஆகும், "1/(1 + M) க்குக் குறையாது" என்பது "1 + M ஐத் தாண்டாது" என்று ஆகும். மாணவர்கள் இந்த நிரூபணத்தை ஒருமுறை தாங்களே எழுதிப் பார்க்க வேண்டும். அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகச் செய்து பார்ப்போம்.

x³ − 9x² + 18x − 6 = 0

வகுப்பறைக்காக இட்டுக்கட்டிய சமன்பாடு அல்ல இது. e⁻ˣ என்ற எடையோடு பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட வேண்டிய கணக்குகளை மூன்றே புள்ளிகளில் மதிப்பிடும் காஸ்–லகேர் முறையில், அந்த மூன்று புள்ளிகளும் இதன் மூலங்கள்தான். அவை சுமாராக 0.4158, 2.2943, 6.2899. இந்த விடைகளை நாம் இன்னும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

மேல்வரம்பு: மிகப் பெரிய கெழு 18. எந்த மூலமும் 19 ஐத் தாண்டாது. கீழ்வரம்பு: மாறிலி உறுப்பால் வகுத்தால் 1 − 3x + 1.5x² − x³/6 = 0. இங்கே M = 3. எந்த மூலமும் 1/4க்குக் குறையாது. மூன்று மூலங்களும் 0.25க்கும் 19க்கும் இடையிலான வளையத்தில் இருக்கின்றன. இதுவரை ஒரு வர்க்கமூலம்கூடப் போடவில்லை.

இனி ராமானுஜன் முறை. b எண்கள் 1, 3, 7.5, 18.1667, 43.75, 105.25, 253.1528 என்று வளர்கின்றன. M = 3 என்பதால் ஒரு படிக்கு நான்கு மடங்கு வரை வளர இடம் உண்டு; உண்மையில் முதல் இரண்டு படிகளுக்குப் பிறகு இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே வளர்கின்றன. விகிதங்கள்: 0.3333, 0.4, 0.4128, 0.4152, 0.4157, 0.41576. ஆறாவது விகிதத்திலேயே நான்கு தசம இடங்கள் சரியாகிவிட்டன. வளர்ச்சி வேகத்தின் தலைகீழ்தான் மூலம். நான்கு மடங்கு என்ற உச்ச வேகத்தின் தலைகீழ்தான் நாம் முதலில் கண்ட 0.25. ஒரே எண்வரிசையின் வளர்ச்சியைப் பற்றி கோஷி சொல்வது அதிகபட்சம். ராமானுஜன் கண்டுபிடிப்பது உண்மையான அளவு.

மேல்வரம்புக்கு வருவோம். 19 என்று சொன்னோம், உண்மை 6.29. மும்மடங்கு தளர்வு. இதைப் பார்த்துவிட்டுச் சிலர் இந்த வரம்பே உபயோகமில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். தளர்வுக்குக் காரணம் தெரிந்தால் அதை நம்மால் குறைக்க முடியும்.

முதல் காரணம் அலகு. x ஒரு நீளம், மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் c₁ உம் மீட்டர், c₂ சதுர மீட்டர், c₃ கன மீட்டர். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பெரியதை எடுத்து, அதோடு அலகே இல்லாத 1 ஐக் கூட்டினோம். சென்டிமீட்டரில் எழுதியிருந்தால் வேறு வரம்பு வந்திருக்கும். எந்த அலகில் எழுதினாலும் கோஷியின் கூற்று உண்மைதான். ஆனால் நல்ல அலகைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. c₁ ஐ அப்படியே எடுங்கள், c₂ க்கு வர்க்கமூலம், c₃ க்குக் கனமூலம், இப்படியே போய், வந்தவற்றில் பெரியதை அலகாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலகில் எழுதினால் எல்லாக் கெழுக்களும் 1க்குள் அடங்கிவிடும், M சரியாக 1 ஆகும், வரம்பு அந்த அலகின் இரு மடங்கு. ஜப்பானியக் கணிதவியலாளர் ஃபுஜிவாரா 1916இல் வெளியிட்ட வரம்பு இதே வடிவம்தான். கடைசிக் கெழுவைப் பாதியாக்கிக்கொண்டு இதைவிடச் சற்று இறுக்கமாகச் சொன்னார்.

இரண்டாவது காரணம் மையம். கோஷியின் வட்டம் எப்போதும் பூஜ்யத்தை மையமாகக் கொண்டது. நம் மூலங்களோ பூஜ்யத்தின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மூலங்களின் சராசரி என்ன என்பது சமன்பாட்டைத் தீர்க்காமலே தெரியும்: கூட்டுத்தொகை 9, மூன்றால் வகுத்தால் 3. x = y + 3 என்று போட்டால் சமன்பாடு

y³ − 9y − 6 = 0

என்று சுருங்கிவிடும். இதில் √9 = 3, 6இன் கனமூலம் சுமார் 1.82. பெரியது 3, எனவே y இன் அளவு 6 ஐத் தாண்டாது, x அதிகபட்சம் 9. அலகை மட்டும் மாற்றியிருந்தால் 18 கிடைத்திருக்கும். மையத்தையும் மாற்றியதால் 9. உண்மையான 6.29க்கு இது மோசமில்லாத மதிப்பீடு. தளர்வில் பெரும்பகுதி நாம் சமன்பாட்டை எழுதிய விதத்தில் இருந்தது.

அலகின் வலிமையைக் காட்ட இன்னொன்று சொல்கிறேன். இங்கிலாந்தின் ஜேம்ஸ் வில்கின்சன் ஆராய்ந்த புகழ்பெற்ற பல்லுறுப்புக்கோவை (x−1)(x−2)…(x−20). மூலங்கள் 1 முதல் 20 வரை முழு எண்கள். விரித்து எழுதினால் மிகப் பெரிய கெழு 20 இலக்க எண், சுமார் 1.38 × 10¹⁹. கோஷியின் வரம்பை நேராகப் போட்டால், "மூலங்கள் 1.38 × 10¹⁹ ஐத் தாண்டாது" என்று வரும். உண்மை, ஆனால் யாருக்கும் பயனில்லை. 210 ஐ அலகாக வைத்துக்கொள்ளுங்கள். x¹⁹ இன் கெழு −210 என்பதால் அது தானாகக் கிடைக்கும் அலகு. வரம்பு 420 ஆகிவிடுகிறது. பதினேழு இலக்கங்கள் ஒரே அடியில் போய்விட்டன.

அந்தக் கோவையில் வில்கின்சன் காட்டிய செய்தி வேறு. −210 என்ற அந்தக் கெழுவில் 2⁻²³ அளவு, அதாவது சுமார் 0.00000012, மாற்றம் செய்தால் போதும், மூலங்கள் சிதறிவிடும். 20 என்பது 20.85 ஆகும். பெரிய மெய்யெண் மூலங்கள் பல இணைகளாகச் சேர்ந்து கலப்பெண்களாக மாறும். ஓர் இணை 16.73 ± 2.81i. நம் வரம்போ 420இலிருந்து 420.00000024க்குத்தான் நகர்கிறது. மூலங்கள் எவ்வளவு நொய்மையாக இருந்தாலும், அவற்றை அடைத்துவைக்கும் வட்டம் நொய்மையானதல்ல. கெழுக்கள் அளவீட்டிலிருந்து வருபவையாக இருந்து, கடைசி இலக்கங்கள் நிச்சயமில்லாதபோது, ஒவ்வொரு மூலத்தின் மதிப்பையும்விட நான் இந்த வரம்பைத்தான் முதலில் நம்புவேன்.

வரம்பு எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 0.001x² + x − 1 = 0 ஐப் பாருங்கள். இங்கே நிறையப் பேர் தவறுவது முதல் படியில்தான்: 0.001 ஆல் வகுக்க மறந்து, பெரிய கெழு 1, வரம்பு 2 என்று எழுதிவிடுவார்கள். வகுத்தால் x² + 1000x − 1000 = 0, வரம்பு 1001. அதன் ஒரு மூலம் −1000.999. வரம்புக்கும் மூலத்துக்கும் இடையே ஆயிரத்தில் ஒரு பங்குதான் இடைவெளி. உயர்படிக் கெழு பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஒரு மூலம் முடிவிலியை நோக்கிப் போகும். வரம்பு வெடித்துப் பெரிதாவது அதைச் சரியாகச் சொல்கிறது. மறதியால் வந்த 2, எங்கோ இருந்த ஒரு பெரிய மூலத்தையே மறைத்திருக்கும்.

கணினியில் இந்த வரம்புகளை எப்படிக் காவலாக வைப்பது? பைத்தானில் நம் சமன்பாட்டைத் தீர்க்க இவ்வளவு போதும்:

```
import numpy as np
np.roots([1, -9, 18, -6])
```

இந்தக் கட்டளை உயர்படிக் கெழுவை முதலில் எதிர்பார்க்கிறது. சிலர் மாறிலியிலிருந்து தொடங்கும் பழக்கத்தில் `[-6, 18, -9, 1]` என்று தலைகீழாகக் கொடுத்துவிடுவார்கள். கணினி குறை சொல்லாது; 2.405, 0.436, 0.159 என்று மூன்று எண்களைத் தரும். அவை உண்மையான மூலங்களின் தலைகீழ்கள். மேல்வரம்பு 19 இதைப் பிடிக்காது, மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. பிடிப்பது கீழ்வரம்பு: 0.25க்குக் குறைவாக மூலமே இருக்க முடியாது, ஆனால் 0.159 வந்திருக்கிறது. தவறு அங்கேயே அம்பலமாகிறது. அதனால்தான் மேல்வரம்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்கிறேன். இரண்டுக்கும் ஒரே உழைப்புதான். விடை வளையத்துக்குள் இருப்பதால் மட்டும் அது சரி என்று ஆகிவிடாது. வெளியே இருந்தால் தவறு என்பது மட்டும் நிச்சயம்.

நாராணையங்கார் இடத்திலிருந்து நாம் கேட்கத் தொடங்கிய கேள்வியில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது: ராமானுஜனின் முறை எப்போது செல்லும்? 1 − 2t + 2t² = 0 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். b எண்கள் 1, 2, 2, 0, −4, −8, −8, 0 என்று போகின்றன. விகிதங்கள் 0.5, பிறகு 1, அதற்கடுத்து பூஜ்யத்தால் வகுக்க வேண்டிய நிலை. எதையும் நெருங்கவில்லை. காரணம், இதன் மூலங்கள் (1 ± i)/2. இரண்டும் மட்டு மதிப்பில் சமம். மிகச் சிறிய மூலம் ஒன்றே ஒன்றாக, மற்ற எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகச் சிறியதாக இருந்தால்தான் விகிதங்கள் நிலைகொள்ளும். சமமாக இரண்டு இருந்தால் b எண்களில் அவை மாறி மாறி மேலோங்கும். குறிகள் திரும்பத் திரும்ப மாறுவதும் இடையிடையே பூஜ்யம் வருவதும் அதன் அடையாளம். இங்கேயும் கோஷியின் வரம்பு அசையவில்லை. M = 2, எந்த மூலமும் 1/3க்குக் குறையாது என்கிறது; உண்மையான மட்டு மதிப்பு 0.707. விகிதங்கள் கைவிட்ட இடத்திலும் வரம்பு செல்லும். b எண்களின் வளர்ச்சிக்கு ஓர் உச்சம் உண்டு என்பதை மட்டுமே அது நம்பியிருக்கிறது. அவை சீராக வளர்கின்றனவா, அலைபாய்கின்றனவா என்று அது கேட்பதில்லை.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எண்ணியல் முறைகள் ஆய்வகத்தில் ராமானுஜன் முறையைச் செய்யச் சொல்லும்போது, மாணவர் தம் பதிவேட்டில் முதல் வரியாக 1/(1 + M) ஐயும், இரண்டாவது வரியாக மேல்வரம்பையும் எழுதிய பிறகே b எண்களைக் கணக்கிடட்டும். விகிதங்களின் குறி மாறினால் நிறுத்தச் சொல்லுங்கள். ராமானுஜன் எழுதாமல் விட்ட நிபந்தனையை, அவர் பெயரைத் தாங்கிய முறையின் பக்கத்திலேயே நம் மாணவர்கள் எழுதிவைக்கட்டும்.